"ஸ்கிரிப்டை வாசிக்கிறேன்னு கண்டுபிடிச்சு கட் பண்ணிடறாங்க"

கேள்வி: கொடுங்கையூர்ல ஒரு வாட்டர் பியூரிஃபையர் கடையில டெலிகாலரா இருக்கேன். வாரண்டி முடிஞ்ச கஸ்டமருங்களுக்கு போன் பண்ணி வருஷ சர்வீஸ் திட்டத்தை விக்கணும். ஓனர் எழுதிக் குடுத்த ஸ்கிரிப்டை அப்படியே படிக்கிறேன், பாதியிலேயே கட் பண்ணிடறாங்க. "வேணாம்"னு சொன்னா அடுத்து என்ன பேசறதுன்னே தெரியல. ஸ்கிரிப்டையும் அனுப்பியிருக்கேன். எப்படி மாத்தலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டின் முதல் பத்தி இது:

"வணக்கம். எட்டு ஆண்டுகளாக வட சென்னை முழுவதும் தரமான சேவையை வழங்கி வரும் எங்கள் நிறுவனம், தங்களைப் போன்ற மதிப்புமிக்க வாடிக்கையாளர்களுக்காக, நான்கு முறை இலவச சர்வீசும் ஃபில்டர் மாற்றமும் உள்ளடக்கிய வருடாந்திர பராமரிப்புத் திட்டத்தைச் சிறப்புச் சலுகை விலையில் அறிமுகப்படுத்தியுள்ளது. இத்திட்டத்தில் இணைய விரும்புகிறீர்களா?"

இது நோட்டீஸுக்கு எழுதிய தமிழ். இதை எவ்வளவு இனிமையாகப் படித்தாலும் போனில் எடுபடாது. "வழங்கி வரும்", "தங்களை", "உள்ளடக்கிய" எல்லாம் நாம் யாரும் வாயால் சொல்லாத சொற்கள். காதில் விழுந்ததுமே எதிரில் இருப்பவருக்கு இது விளம்பரக் கால் என்று தெரிந்துவிடும். இன்னொரு சிக்கல் வாக்கியத்தின் நீளம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். "அறிமுகப்படுத்தியுள்ளது" வரும் வரை நீங்கள் எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்றே அவருக்குப் புரியாது. தாளில் இருந்தால் கண்ணைத் திருப்பி மறுபடி படிக்கலாம். போனில் அதற்கு வழியில்லை, கட் செய்வதுதான் வழி.

அதனால் முதல் வேலை, வாக்கியத்தை உடைப்பது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவு. "செய்து, கொடுத்து, வந்து" என்று எச்சங்கள் தொடர்ந்து வரும் இடங்களைப் பேனாவால் சுழியுங்கள். ஒவ்வொரு சுழியும் ஒரு முற்றுப்புள்ளி விழ வேண்டிய இடம். பிறகு சொற்களைப் பேசுகிற வடிவிலேயே எழுதுங்கள். "பேசுகிறேன்" என்று தாளில் இருந்தால் அவசரத்தில் வாய் அப்படியே படித்துவிடும். "பேசறேன்" என்றே எழுதி வையுங்கள். வாரண்டி, சர்வீஸ், ஃபில்டர், மெஷின் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வீட்டில் யாரும் "பராமரிப்புத் திட்டம்" என்று சொல்வதில்லை.

மாற்றிய தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். என் பேரு கலா, (கடை பெயர்) வாட்டர் பியூரிஃபையர் கடையிலருந்து பேசறேன். போன வருஷம் மார்ச்ல எங்ககிட்ட ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கியிருந்தீங்க. அதோட வாரண்டி போன மாசத்தோட முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் சர்வீஸுக்கு ஒரு வருஷத் திட்டம் இருக்கு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் பேசலாமா மேடம்?"

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். "மார்ச்ல வாங்கியிருந்தீங்க" என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும் தகவல். ஊர் முழுக்கப் போடுகிற கால் இல்லை என்று அதிலிருந்துதான் தெரிகிறது. கடையின் பில் புத்தகத்தில் மாதத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே டயல் செய்யுங்கள். தப்பான மாதத்தைச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல். அடுத்து, விற்கத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்பது ஐந்தாவது வரியிலேயே வந்துவிடுகிறது. "சும்மா ஒரு ஃபீட்பேக் கேக்கலாம்னு" என்று ஆரம்பித்துக் கடைசியில் விலையைச் சொன்னால் கோபம்தான் மிஞ்சும், அந்தக் கோபம் நியாயமானதும்கூட. மூன்றாவது, "பேசலாமா மேடம்?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விநாடி அமைதி சங்கடமாக இருக்கும். அதை நிரப்ப நீங்களே பேசத் தொடங்கினால் கேள்வி கேட்டதற்கே பொருளில்லை.

அவர் "ம், சொல்லும்மா" என்றதும் திட்டத்துக்குத் தாவ வேண்டாம். முதலில் மெஷினைப் பற்றி ஒரு கேள்வி: "மெஷின் இப்ப எப்படி ஓடுது மேடம்? தண்ணி வர்ற வேகம் குறைஞ்சிருக்கா?" இது போலியான அக்கறை இல்லை, விஷயமுள்ள கேள்வி. தண்ணீரில் மண் அதிகமுள்ள வீட்டில் அதை வடிக்கிற செடிமென்ட் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், குடம் நிறைய நேரம் பிடிக்கும். ஆனால் காரணம் உப்பைப் பிரிக்கிற மெம்பரேனாகவும் இருக்கலாம், டேங்கிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் குறைந்ததாகவும் இருக்கலாம். போனிலேயே காரணம் சொல்லிவிடாதீர்கள். "குறிச்சுக்கிறேன் மேடம், ஆள் வந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றால் போதும். "நீங்க குடிக்கிறது விஷத் தண்ணி" என்ற மிரட்டல் வரி உங்கள் ஸ்கிரிப்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அந்த வீட்டுத் தண்ணீரை நீங்கள் பரிசோதிக்கவில்லை.

விலை சொல்லும் இடத்தில் இரண்டு வரி உள்ளே என்ன, ஒரு வரி வெளியே என்ன: "வருஷத்துக்கு 3,600 ரூபா மேடம். அதுல நாலு தடவை ஆள் வருவாங்க, செடிமென்ட் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் ஒரு தடவை மாத்துவாங்க. மெம்பரேன் மட்டும் இதுல சேராது, அதுக்குத் தனியாத்தான் ஆகும்." தொகையை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வரியை ஓனர் எடுக்கச் சொல்லலாம். எடுக்காதீர்கள். மெம்பரேன்தான் மாற்றுகிற பாகங்களில் விலை கூடியது. அதை மறைத்து விற்றால் ஆறு மாதம் கழித்து டெக்னீஷியன் வாசலில் நின்று திட்டு வாங்குவார். "இன்னிக்கு மட்டும்தான் இந்த ரேட்" என்பதும் உண்மையாக இருந்தால் மட்டுமே இருக்கலாம்.

இனி மறுப்பு. நம் ஊரில் "வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. "அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்", "அப்புறம் பார்க்கலாம்மா", "நாங்களே போன் பண்றோம்" என்பவை பெரும்பாலும் மரியாதையாகச் சொன்ன மறுப்பு. ஆனால் சில நேரம் நிஜமாகவே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: "சரிங்க மேடம். சனிக்கிழமை நானே ஒரு தடவை கூப்பிடட்டுமா, இல்ல தேவைப்பட்டா நீங்களே கூப்பிடறீங்களா?" கேட்டுச் சொல்ல நினைப்பவர் நாளைச் சொல்வார். மறுக்க நினைப்பவர் "நானே கூப்பிடறேன்" என்பார். அப்போது அந்தக் கால் முடிந்தது. மறுபடி கூப்பிடாதீர்கள்.

காரணத்தோடு வரும் மறுப்பு வேறு. "எங்க தெருவுலயே ஒரு மெக்கானிக் இருக்கார், அவரே பார்த்துக்குவார்" என்றால் அது கேட்க வேண்டிய பதில். உங்கள் ஸ்கிரிப்டில் இதற்கு "ஆனால் மேடம், வெளியாட்கள் போடும் ஃபில்டர் தரமற்றது" என்று இருக்கிறது. அந்த மெக்கானிக் அவருக்குத் தெரிந்தவர். அவரைக் குறை சொன்னால் மேடத்தின் முடிவையே குறை சொன்னதாகும். மாற்று: "சரிங்க மேடம், தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா வசதிதான். ஃபில்டர் மட்டும் எங்ககிட்ட தனியாவும் கிடைக்கும், தேவைப்பட்டா இந்த நம்பருக்குச் சொல்லுங்க." விலை அதிகம் என்றால் ஒரே ஒரு வழி காட்டலாம்: "திட்டம் வேணாம்னா ஒரு தடவை சர்வீஸுக்கு மட்டும் ஆள் அனுப்பலாம் மேடம், அதோட ரேட் சொல்லட்டுமா?" அதற்கும் வேண்டாம் என்றால் முடித்துவிடுங்கள். காரணம் சொல்லி மறுத்தால் ஒரு பதில். வெறுமனே "வேணாம்" என்றால் பதிலே கிடையாது.

சின்னச் சொற்கள்தான் இங்கே பெரிய சேதம் செய்கின்றன. "ஏன் மேடம் வேணாம்?" என்பது தமிழில் விசாரணை போலக் கேட்கும். "சரிங்க, ஆனா" என்றால் "சரி" செத்துவிடும். "பரவாயில்லை மேடம்" என்பது மன்னித்துவிட்ட தொனி, அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. "புரியுது மேடம்" ஒரு முறை நன்றாக இருக்கும், மூன்றாம் முறை இயந்திரம் மாதிரி ஆகிவிடும். இவற்றுக்கெல்லாம் மாற்று ஒன்றுதான்: "சரிங்க மேடம், பேசினதுக்கு நன்றி. வச்சிடட்டுமா?" அவர் வைத்த பிறகு நீங்கள் வையுங்கள்.

கோபமாக "என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்றால் உண்மையைச் சொல்லுங்கள்: "மெஷின் வாங்கினப்ப பில்லுல கொடுத்திருந்தீங்க மேடம். இனிமே கூப்பிட வேணாம்னா லிஸ்ட்லருந்து எடுத்துடறேன்." பிறகு நிஜமாகவே எடுங்கள். ஷீட்டில் "கூப்பிட வேண்டாம்" என்று தனிப் பத்தி வைத்து, அடுத்த மாதம் லிஸ்ட் எடுப்பவர் கண்ணில் படும்படி அந்த வரிசையைச் சிவப்பாக்குங்கள். அவர் "நீ" என்றாலும் நீங்கள் "நீங்க"தான். வயதானவர் "ஏம்மா" என்று உரிமையாகப் பேசினால் "மேடம்" போய் "சரிம்மா" வரலாம். வட சென்னைக்காரர்களிடம் பேசுகிறோம் என்று வட சென்னை பாஷையை வரவழைத்துப் பேச வேண்டாம். உங்கள் வாயில் இயல்பாக வருவது எதுவோ அதுதான் சரி. தெலுங்கு பேசும் வீடு என்று தெரிந்து, உங்களுக்கும் தெலுங்கு வந்தால், தாராளமாக மாறுங்கள்.

எந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்பதை ஓனரிடம் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி விற்பனைக் கால்கள், தொலைபேசி நிறுவனத்தில் பதிவு செய்து வாங்கிய 140 வரிசை எண்ணிலிருந்துதான் போக வேண்டும். சாதாரண பத்து இலக்க சிம்மிலிருந்து போட்டு, வாடிக்கையாளர்கள் 1909-ல் புகார் கொடுத்தால் அந்த இணைப்பே துண்டிக்கப்படலாம். அது உங்கள் சொந்த சிம்மாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. ஓனர் பதிவு செய்யும் வரை சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள்.

புது ஸ்கிரிப்டை உடனே லிஸ்ட் முழுக்கப் போட வேண்டாம். போனில் ரெகார்ட் செய்து, தாளைப் பார்க்காமல் கேளுங்கள். நாக்கு தடுமாறிய சொல்லை மாற்றுங்கள். பிறகு ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாகப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, வரிகளுக்கு எண் போடுங்கள். தொடக்கமும் விலையும் மறுப்புப் பதில்களும் முழு வாக்கியமாக இருக்கட்டும். நடுப்பகுதிக்கு "வேகம்? சத்தம்? டேஸ்ட்?" போன்ற குறிப்புச் சொற்கள் போதும், அங்கே அவர் சொல்வதைக் கேட்டுத்தான் பேச முடியும். முப்பது கால்களுக்கு, அவர் எந்த எண் வரியில் கட் செய்தார் என்று குறியுங்கள். இரண்டாம் வரியில் குவிந்தால் அறிமுகத்தில் கோளாறு. விலை வரியில் குவிந்தால் ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள், ஷீட்டை ஓனரிடம் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. காலையில் குழாயில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தையும் தவிர்த்துவிட்டு இந்த முப்பதையும் போடுங்கள். அந்த நேரத்தில் வரும் "வேணாம்" உங்கள் ஸ்கிரிப்டுக்கு வந்ததா, நேரத்துக்கு வந்ததா என்று பிரிக்க முடியாது.