இரண்டு வரன், இரண்டு வரிசை: டாரட் கேள்வி பதில்

செம்பூரில் என் வீட்டு டைனிங் டேபிளில்தான் பல வருடமாக டாரட் பார்க்கிறேன். கல்யாண சீசன் வந்தால் பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இவரா, அவரா? அதற்கு ஆளுக்கு ஒரு வரிசை போட்டுப் பார்க்கும் முறையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

முலுண்டிலிருந்து, வயது 27: "ஒரே மாதத்தில் இரண்டு வரன். ஆளுக்கு ஒரு வரிசை போடு என்கிறாள் தோழி. எத்தனை கார்டு, எந்த இடம் எதற்கு?"

ஆளுக்கு ஐந்து போதும். ஏழு, ஒன்பது என்று போனால் கார்டு ஒன்றுக்கொன்று முரணாகப் பேச ஆரம்பிக்கும், உங்களுக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுப்பீர்கள். இடது பக்கம் ஒருவருக்கு, வலது பக்கம் இன்னொருவருக்கு, மேலிருந்து கீழாக. நான் வைக்கும் ஐந்து படிகள் இவை. முதல் படியில், அவர் இப்போது எந்த மனநிலையில் வருகிறார். இரண்டாவதில், நான் அவரிடம் இன்னும் கேட்காத விஷயம் எது. மூன்றாவதில், அவர் பக்கத்தில் நான் எப்படி ஆவேன். நான்காவதில் பணம், வீடு, மாமியார் வீட்டுச் சூழல். ஐந்தாவதில், இப்படியே போனால் ஒரு வருடத்தில் எங்கே நிற்போம்.

இதைக் கார்டைக் குலுக்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். அதோடு, ஐந்தில் எந்தப் படி உங்களுக்கு முக்கியம் என்பதையும் எழுதி ஒரு கோடு போட்டு வையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கார்டு திறந்த பிறகு முடிவு செய்தால், எந்தப் பக்கம் நல்ல படம் விழுந்ததோ அந்தப் படியே திடீரென்று முக்கியமாகிவிடும்.

படிக்கும்போது மேலிருந்து கீழாக ஒருவரை முழுக்க முடித்துவிட்டு அடுத்தவரிடம் போகாதீர்கள். முதல் படி இடது, முதல் படி வலது, அப்புறம் இரண்டாவது படி என்று குறுக்கே படியுங்கள். அப்போதுதான் அது ஒப்பீடு. இல்லாவிட்டால் இரண்டு தனிக் கதை கேட்டது மாதிரி ஆகிவிடும்.

தானேயிலிருந்து: "மேஜர் கார்டு அதிகம் விழுந்த வரிசைதான் விதிப்படி நமக்கானவர் என்று கற்றேன். எண்ணிப் பார்த்தால் போதாதா?"

பாதி சரி. மேஜர் என்பது லவ்வர்ஸ், டெவில் மாதிரித் தனிப் பெயர் உள்ள பெரிய கார்டு. அது விழுந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம். ஆனால் கனம் வேறு, நல்லது வேறு. டெவிலும் டவரும் மேஜர்தான். இடிந்து விழும் கோபுரமும் சங்கிலி மாட்டிய ஜோடியும் ஒரே வரிசையில் வந்தால் "விதி" என்று சந்தோஷப்படுவீர்களா?

இன்னொன்று, 78 கார்டில் 22 மேஜர். பத்து கார்டு எடுத்தால் சராசரியாக மூன்று வருவது சாதாரணம். ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று என்பதில் எந்தச் செய்தியும் இல்லை. ஒரே பக்கம் நான்கு விழுந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அப்போதும் எந்த நான்கு என்று பார்த்துவிட்டுத்தான்.

லவ்வர்ஸ் வந்தாலே "முடிஞ்சுது, இவர்தான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் புழங்கும் 1909-ஆம் வருட ரைடர் கட்டில் ஒரு ஆண், ஒரு பெண், மேலே தேவதை. அதற்கு முந்தைய மார்செய் கட்டுகளில் அதே கார்டில் ஒரு இளைஞன் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்பான், மேலே மன்மதன் அம்பைக் குறிவைப்பான். அங்கே அது தேர்வு செய்யத் திணறும் கார்டு. இரண்டு வரன் கேள்வியில் அது விழுந்தால் எனக்கு அந்தப் பழைய படம்தான் ஞாபகம் வரும்.

டோம்பிவிலியிலிருந்து: "நிஜமாகப் போட்ட ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்லுங்களேன்."

ஊரை மட்டும் மாற்றிச் சொல்கிறேன், அந்தப் பெண் சம்மதித்திருக்கிறாள். ஒருவர் நாசிக் வரன், வீட்டில் பார்த்தது. இன்னொருவர் புனே வரன், அவளே பேசிப் பழகியவர். முக்கியம் என்று அவள் கோடு போட்டது மூன்றாவது படிக்கு.

முதல் படியில் நாசிக் பக்கம் கிங் ஆஃப் பென்டகிள்ஸ், புனே பக்கம் நைட் ஆஃப் கப்ஸ். ஒருவர் நிலையாக உட்கார்ந்தவர், இன்னொருவர் கோப்பையை நீட்டியபடி குதிரையில் வருகிறவர். அவளுடைய அம்மா சமையலறையிலிருந்தே "ராஜாவா, குதிரைக்காரனா, இதில் என்ன யோசனை" என்றார். இரண்டாவது படியில் நாசிக் பக்கம் ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ், காசை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். புனே பக்கம் செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ், கத்திகளைத் தூக்கிக்கொண்டு கூடாரத்திலிருந்து நழுவுகிறவர்.

மூன்றாவது படிதான் மேசையையே மாற்றியது. நாசிக் பக்கம் எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ்: கண்ணைக் கட்டி, உடம்பைச் சுற்றிக் கட்டிய பெண், சுற்றிலும் நட்ட கத்திகள். புனே பக்கம் குயின் ஆஃப் வாண்ட்ஸ்: கையில் சூரியகாந்தி, காலடியில் கறுப்புப் பூனை. நான்காவதில் திரும்பவும் மாறியது. நாசிக்கு டென் ஆஃப் பென்டகிள்ஸ், பெரிய வீடு, தாத்தா, நாய்கள், குழந்தை. புனேக்கு ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸ், ஜன்னல் வெளிச்சத்தைத் தாண்டிப் பனியில் நடக்கும் இருவர். ஐந்தாவதில் நாசிக்கு ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், புனேக்கு டூ ஆஃப் வாண்ட்ஸ். ஃபோர் ஆஃப் வாண்ட்ஸில் நாலு கம்பு நட்டு மாலை கட்டியிருக்கும். நம் வீடுகளில் அதைப் பார்த்தவுடன் கல்யாணப் பந்தல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீடு, கொண்டாட்டம் என்பதுதான் அதன் பொருள், முகூர்த்தத் தேதி இல்லை.

எண்ணிப் பார்த்தால் நாசிக் ஜெயிக்கிறார். ராஜா, பெரிய வீடு, பந்தல், மூன்று. ஆனால் அவள் கோடு போட்டது மூன்றாவது படிக்கு, அங்கே அவர் தோற்கிறார். இங்கே நான் தீர்ப்பு சொல்லவில்லை. கார்டை வைத்து இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். நாசிக் வரனிடம், "கல்யாணத்துக்குப் பிறகு என் சம்பளம் எந்தக் கணக்கில் போகும்?" புனே வரனிடம், "உங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது?" செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்ததால் அவர் திருடர் என்று அர்த்தமில்லை. கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அதையும் கார்டு கண்டுபிடிக்காது, கேட்டால்தான் தெரியும்.

நாசிக் வரன், "எங்கள் வீட்டில் எல்லார் சம்பளமும் அம்மா கையில்தான்" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். புனே வரனுக்கு இன்னும் கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ.யும், இருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்ந்து போகிறதாம். மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அவள் நாசிக்குக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புனேக்கு இன்றுவரை சரி என்றும் சொல்லவில்லை.

வாஷியில் டாரட் பார்க்கும் ஒருவர்: "ஒரே கட்டிலிருந்து இரண்டு பேருக்கும் எடுப்பது நியாயமா? முதல் வரிசையில் டூ ஆஃப் கப்ஸ் போய்விட்டால் இரண்டாமவருக்கு அது வரவே வாய்ப்பில்லையே."

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் பாதிப்பு நிஜம், ஆனால் சின்னது. 78-இல் கப்ஸ் ஜாதிக் கார்டு 14. முதல் ஐந்தில் நான்கு கப்ஸ் போய்விட்டாலும் மீதி 73-இல் 10 இருக்கும். ஐந்தரையில் ஒன்றாக இருந்த வாய்ப்பு ஏழில் ஒன்றாகும். அதனால்தான் ஒருவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கிறேன்.

முதல் வரிசையைப் படம் எடுத்துவிட்டு, கார்டைத் திரும்பச் சேர்த்துக் குலுக்கி இரண்டாமவருக்கு எடுப்பவர்களும் உண்டு. அப்போது ஒரே கார்டு இருவருக்கும் விழலாம், அது நல்ல தகவல்தான்: வித்தியாசம் அந்தப் படியில் இல்லை. தலைகீழ் கார்டு விஷயத்தில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரியும். இந்த ஒப்பீட்டில் நான் எல்லாவற்றையும் நேராகவே வைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் மூன்று தலைகீழாக விழுந்தால், அது குலுக்கிய கையின் கோளாறா, வரனின் கோளாறா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சயனிலிருந்து ஒரு மாமா: "எங்கள் சங்கத்தில் ஞாயிறு தோறும் ரம்மி. அந்தக் கட்டிலேயே போடலாமா? எதில் ஜோக்கர் வந்தால் ஜெயிப்பு?"

மாமா, இதில் ஜெயிப்பு இல்லை! ஆனால் கட்டு உதவும். ஆட்டினைக் கப்ஸாகவும், இஸ்பேட்டை ஸ்வார்ட்ஸாகவும், கிளாவரை வாண்ட்ஸாகவும், டைமனைப் பென்டகிள்ஸாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம். 22 மேஜரும் இருக்காது, ஒவ்வொரு ஜாதியிலும் ஒரு படக் கார்டு குறையும். படமில்லாத எட்டாம் இஸ்பேட்டைப் பார்த்து கண்ணைக் கட்டிய பெண் ஞாபகம் வர நிறையப் பழக்கம் வேண்டும். ஜோக்கரை எடுத்து வைத்துவிடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா: "முதல் பையனுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம், இரண்டாவது பையனுக்கு ஆறு. என் மகள் கார்டு போட்டு இரண்டாவது என்கிறாள். எதை நம்புவது?"

இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் இல்லை அம்மா. ஜாதகத்தில் கிடைத்த மதிப்பெண்ணையும் கார்டு வரிசையையும் கூட்டிக் கழிக்க வழியில்லை. உங்கள் மகள் கார்டு போடும் முன்பே இரண்டாவது பையனை முடிவு செய்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. நீங்கள் இரண்டு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி மடித்து, எந்தச் சீட்டு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாமல் கவிழ்த்து வையுங்கள். அவள் பத்து கார்டையும் படித்து, எந்தப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு சீட்டைப் பிரியுங்கள். பெயர் தெரிந்த நிமிடம் கார்டைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள். "ஐயோ, மாறிப்போச்சு" என்று முகம் சுண்டினால் அவள் விருப்பம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காட்கோபரிலிருந்து: "மூன்று தடவை போட்டேன், மூன்றும் வேறு வேறு. நான்காவது தடவை போடலாமா?"

வேண்டாம். முதல் தடவை என்ன பிடிக்காமல் திரும்பக் குலுக்கினீர்கள் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.