வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை அர்த்தம் மாறாமல் எளிய தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: "வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றிய பத்தி எனக்கும் புரியவில்லை, வயதான வீட்டு ஓனருக்கும் புரியவில்லை. இருவருக்கும் புரியும்படி எளிய தமிழில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யாருடைய பொறுப்பும் கூடவோ குறையவோ கூடாது. எப்படி எழுதுவது?"

பத்திரம் டைப் செய்யும் கடையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்த மாதிரிப் பத்திகள் எனக்குப் பழக்கம். பொதுவாக இப்படித்தான் இருக்கும்:

"2-வது பார்ட்டியார் மேற்படி வீட்டைக் காலி செய்ய உத்தேசிக்கும் பட்சத்தில் இரண்டு மாத முன்னறிவிப்பை எழுத்து மூலம் 1-வது பார்ட்டியாருக்குக் கொடுக்க வேண்டியது என்றும், காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்கும் சமயத்தில் வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி மற்றும் இயல்பான தேய்மானம் நீங்கலாக வீட்டிற்கு ஏற்பட்ட சேதாரத்திற்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதி முன்பணத்தை வட்டியில்லாமல் 1-வது பார்ட்டியார் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றும், முன்னறிவிப்புக் கொடுக்கத் தவறும் பட்சத்தில் அக்காலத்திற்கான வாடகையை மேற்படி முன்பணத்தில் பிடித்தம் செய்துகொள்ள 1-வது பார்ட்டியாருக்குப் பூரண பாத்தியதை உண்டு என்றும்..."

முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியது, முன்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியது, பிடித்தம் செய்துகொள்ள பாத்தியதை உண்டு என்று மூன்றுதான். முதல் இரண்டும் கடமை, ஒன்று உங்களுடையது, ஒன்று ஓனருடையது. மூன்றாவது கடமை இல்லை, உரிமை. எளிய தமிழில் கடமை 'வேண்டும்' என்று முடிய வேண்டும், உரிமை 'லாம்' என்று முடிய வேண்டும். "ஓனர் பிடித்தம் செய்வார்" என்று எழுதினால் அவர் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் வழியில்லை என்பதுபோல் ஆகிவிடும். "பிடித்துக்கொள்ளலாம்" என்பதே சரி.

அடுத்தது நேரத்தைக் காட்டும் சொல். நான் ஒருமுறை தவறு செய்தது இதில்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்காக இதே மாதிரிப் பத்தியைச் சுருக்கி "காலி செய்த பிறகு அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். ஓனரும் அதில் கையெழுத்துப் போட்டார். மூலத்தில் இருந்தது "ஒப்படைக்கும் சமயத்தில்". அதன்படி சாவி ஒரு கையிலிருந்து போகும்போதே பணம் இன்னொரு கையிலிருந்து வர வேண்டும். 'பிறகு' என்றால் எப்போது வேண்டுமானாலும் என்று ஆகிவிடுகிறது. ஓனர் அந்தத் தாளைக் காட்டியே மூன்று மாதம் இழுத்தார். அக்காவிடம் தலை நிமிர்ந்து பேச எனக்கு வெகுநாள் ஆனது. ஒரே ஒரு சொல், அதுவும் நான் எளிது என்று நினைத்துப் போட்ட சொல்.

இன்னொரு நுணுக்கம் 'ஏற்பட்ட' என்ற சொல்லில் இருக்கிறது. 'ஏற்பட்ட சேதாரம்' என்றால் யாரால் என்று சொல்லவில்லை. அதை "வாடகைதாரர் ஏற்படுத்திய சேதாரம்" என்று எழுதினால் ஓனருக்கு நஷ்டம். நியாயமாகத் தோன்றுவதாலேயே நம்மை அறியாமல் கை அப்படித்தான் எழுதப் போகும். அதேபோல் "சேதாரம், பெயிண்ட் செலவு" என்று பழக்கத்தில் சேர்த்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம். இந்தப் பத்தியில் பெயிண்ட் என்ற பேச்சே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எளிய வடிவம் இப்படி வரும்:

"வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய நினைத்தால், இரண்டு மாதம் முன்பே ஓனருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் காலி செய்து வீட்டை ஒப்படைக்கும் அதே சமயத்தில் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வட்டி கிடையாது. தரும்போது வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, வீட்டுக்கு ஏற்பட்ட சேதாரத்துக்கான தொகை ஆகியவற்றை ஓனர் கழித்துக்கொள்ளலாம். சாதாரணமாகப் புழங்கியதில் வந்த தேய்மானத்துக்குக் கழிக்கக் கூடாது. வாடகைதாரர் முன்கூட்டித் தெரிவிக்கத் தவறினால், அக்காலத்துக்கான வாடகையை ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம்."

'அட்வான்ஸ்' என்று ஆரம்பித்தால் கடைசிவரை அட்வான்ஸ்தான். நடுவில் 'டெபாசிட்' என்று மாற்றினால் அது வேறு பணமோ என்ற கேள்வி வரும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000 என்று வையுங்கள். மார்ச் 1 அன்று எழுதிக் கொடுத்து, ஏப்ரல் 30 அன்று சாவி கொடுக்கிறீர்கள். நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே, அதனால் அன்றைய மீட்டர் ரீடிங்கை வைத்துக் கணக்கிட்டதில் பாக்கி 900 ரூபாய். தெருவில் விளையாடிய பையன் அடித்த பந்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, 1,500 ரூபாய். மூலத்தின் சொற்படி இரண்டும் கழியும், கைக்கு வருவது 33,600. 'வாடகைதாரர் ஏற்படுத்திய' என்று நீங்கள் மாற்றியிருந்தால் 35,100 வரும். இரண்டு வடிவத்துக்கும் ஒரே தொகை வரவில்லை என்றால் எங்கோ அர்த்தம் நகர்ந்துவிட்டது, அந்த வித்தியாசம் எந்தச் சொல்லால் வந்தது என்று தேடுங்கள்.

இன்னொரு கணக்கு. ஏப்ரல் 1 அன்று சொல்லிவிட்டு ஏப்ரல் 30 அன்றே கிளம்பினால்? ஒரு மாதம் குறைகிறது. 'அக்காலத்திற்கான வாடகை' என்பது குறைந்த ஒரு மாதத்துக்கு 12,000-ஆ, முழு இரண்டு மாதத்துக்கு 24,000-ஆ? மூலத்தில் பதில் இல்லை. மூலத்தில் இல்லாததை எளிய வடிவத்தில் நீங்கள் முடிவு செய்யக் கூடாது. மேலே நான் 'அக்காலத்துக்கான' என்பதை அப்படியே விட்டது அதனால்தான். ஓனர் உங்களைக் காலி செய்யச் சொன்னால் எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும் என்பதும் இந்தப் பத்தியில் இல்லை. "இருவரும் இரண்டு மாதம்" என்று எழுதினால் புதுக் கடமை ஒன்றை உண்டாக்கியதாகிவிடும்.

சட்டத்தில் இருப்பதையும் உள்ளே கலக்க வேண்டாம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் அட்வான்ஸ் திருப்பித் தருவது பற்றித் தனி விதி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது அல்ல. வேண்டுமானால் தனித் தாளில் குறித்து வையுங்கள்.

விடை இல்லாத கேள்விகளை அதே தனித் தாளில் எழுதி ஓனரோடு உட்கார்ந்து பேசுங்கள். எளிய வடிவத்தின் அடியில் "இது புரிந்துகொள்வதற்காக மட்டும், சந்தேகம் வந்தால் ஒப்பந்தத்தில் உள்ளதே செல்லும்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த அக்காவுக்கு நான் இந்த வரியைப் போடவில்லை. அப்புறம், ஒரு மாதமா இரண்டு மாதமா என்பதில் நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால், அது விளக்கம் அல்ல, மாற்றம். அதை எளிய வடிவத்தில் நுழைக்காமல், மூல ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தனியாக எழுதி, இருவரும் சாட்சிகளோடு கையெழுத்துப் போடுங்கள்.