அட்டை புயலில் போயிற்று, ஊசிகளை மறுபடி போடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் வேதாரண்யம் பக்கம். 2018 கஜா புயலில் ஓடெல்லாம் பறந்து, பெட்டியில் இருந்த மகளின் தடுப்பூசி அட்டை நனைந்து கூழாகிவிட்டது. அவள் 2007-இல் பிறந்தவள். இப்போது நர்சிங் சேர்ந்திருக்கிறாள். மஞ்சள் காமாலை, எம்.எம்.ஆர்., சின்னம்மை, டெட்டனஸ் ஊசிகள் போட்டதற்குக் கல்லூரியில் சான்று கேட்கிறார்கள். லேபில் பார்த்ததில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆன்டி எச்.பி.எஸ். 4’ என்று வந்திருக்கிறது. ஒருவர் நெகட்டிவ் என்றால் நல்லது என்கிறார், இன்னொருவர் ஊசியே போடவில்லை என்கிறார். எல்லாவற்றையும் மறுபடி போட்டால் உடம்பு தாங்குமா? போன தை மாத அறுவடையில் அரிவாள் பட்டு டெட்டனஸ் ஊசி போட்டபோது தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது. அதனால்தான் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: முதலில் கையில் இருக்கும் லேப் சீட்டைப் பார்ப்போம் அம்மா. அதில் இருப்பவை இரண்டு தனித்தனிப் பரிசோதனைகள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது, நீங்கள் சொல்லும் மஞ்சள் காமாலை ஊசி தடுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம். அது நெகட்டிவ் என்றால் உங்கள் மகளின் ரத்தத்தில் அந்தக் கிருமி காணப்படவில்லை என்று பொருள். நல்ல செய்திதான். ஆனால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கல்லூரிகளுக்கே இந்தச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு ‘தடுப்பூசி சரியாக இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எதிர்ப்புச் சக்தியைக் காட்டுவது இரண்டாவது, ஆன்டி எச்.பி.எஸ். அது 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்று கொள்கிறோம். உங்கள் மகளுக்கு 4. இதை வைத்து ‘ஊசியே போடவில்லை’ என்று சொன்னவர் அவசரப்பட்டிருக்கிறார். கைக்குழந்தையில் முழுதாக ஊசி போட்டவர்களிலும் பலருக்குப் பதினாறு, பதினெட்டு வயதில் இந்த எண் 10-க்குக் கீழே இறங்கிவிடும். எண் இறங்கினாலும் அந்தக் கிருமியை அடையாளம் வைத்திருக்கும் அணுக்கள் உடம்பில் இருக்கும். கிருமி உள்ளே வந்தால் அவை எழுந்துகொள்ளும். ஒருபோதும் ஊசி போடாதவருக்கும் 4 வரலாம், சிறுவயதில் மூன்று டோஸும் போட்டவருக்கும் 4 வரலாம். இருவரையும் பிரித்துக் காட்ட இந்தப் பரிசோதனையால் முடியாது.

மஞ்சள் காமாலை ஊசியும் சேர்ந்த ஐந்து நோய்க்கான பெண்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டில் தொடங்கியது 2011 டிசம்பரில். 2007-இல் பிறந்த பிள்ளைக்கு அந்த ஊசி கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மகளோ நாளைக்கு ஊசியும் ரத்தமுமாக வேலை செய்யப் போகிறவள். எனவே மூன்று டோஸையும் முதலிலிருந்து போட்டுவிடுங்கள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில் ஒன்று. முன்பே போட்டிருந்தாலும் கெடுதல் இல்லை. இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, வெறும் புரதம்தான்.

மூன்றாவது டோஸுக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்.பி.எஸ். மறுபடி பாருங்கள். இந்தப் பரிசோதனைக்கு உண்மையான மதிப்பு அந்த இடைவெளியில்தான். அப்போது 10-ஐத் தாண்டியிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டு விஷயத்தை மறந்துவிடலாம். பின்னால் எண் இறங்கினாலும் கவலை இல்லை. தாண்டவில்லை என்றால் இன்னும் மூன்று டோஸ் வரை போட்டுப் பார்ப்பது வழக்கம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் யாராவது எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்தால் பாசிட்டிவ் என்று வரக்கூடும். ஊசியில் இருப்பதே அந்தப் புரதம்தான், ரத்தத்தில் சில நாள் அது சுற்றும். கல்லூரி ரத்ததான முகாமில் இப்படி ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அழுத மாணவியைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்த்தால் சரியாகிவிடும்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசியின் விஷயம் இதைவிட எளிது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளி பள்ளியாகப் போய் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். உங்கள் மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாள். ஆனால் வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ‘எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று சொன்ன பெற்றோரும் அன்று குறைவில்லை. போட்டதாக உங்களுக்கு நன்றாக நினைவிருந்தாலும், தேதி போட்ட தாள் இல்லாமல் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பல நாடுகளிலும் இதுதான் நடைமுறை.

இந்த ஊசியில் வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது என்பதால் பயப்படுகிறார்கள். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவர் உடம்பில் அந்த வைரஸ் பெருகவே இடம் கிடைப்பதில்லை, இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் உடனே முடக்கிவிடும். ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும் லேசான காய்ச்சல்கூட இரண்டாம் முறை போடுபவர்களுக்குக் குறைவாகவே வருகிறது.

ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுப் போடலாமே என்று கேட்பீர்கள். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் நம்பலாம், சான்றாகவும் கொள்ளலாம். இதே ஊசியில் அடங்கிய மூன்றாவது நோயான பொன்னுக்கு வீங்கிக்கு அந்த அளவு நம்பகமான பரிசோதனை இல்லை. இரண்டு பாசிட்டிவ் வந்தாலும் மூன்றாவதற்காக அதே ஊசியைத்தான் போடப் போகிறோம். பரிசோதனைச் செலவு பல நேரம் ஊசியின் விலையைவிட அதிகம். ஆகவே மகளுக்குப் பரிசோதனை வேண்டாம், 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ் போதும். கர்ப்பமாக இருப்பவர்கள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஊசி ஆகாது. பரிசோதனை அவர்களுக்குத்தான் தேவை. ஊசி போட்டு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதையும் வயதுவந்த பெண்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

சின்னம்மைக்கு நான் வேறு வழி சொல்வேன். வாசலில் வேப்பிலை கட்டிய நாள் எந்த வீட்டிலும் மறப்பதில்லை, உங்களுக்கும் நினைவிருக்கும். வந்து போயிருந்தால், ஏன் சந்தேகமாக இருந்தாலும், முதலில் ஐ.ஜி.ஜி. பாருங்கள். நோய் வந்து போனவரை இந்தப் பரிசோதனை நன்றாகக் கண்டுபிடிக்கும். பாசிட்டிவ் என்றால் விலை கூடிய அந்த ஊசி மிச்சம். நெகட்டிவ் அல்லது ‘இரண்டுங்கெட்டான்’ என்று வந்தால் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ் போட வேண்டும். போட்ட பிறகு மறுபடி ரத்தம் எடுக்காதீர்கள். ஊசியால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைச் சாதாரண லேப் பரிசோதனைகள் பல நேரம் தவறவிட்டுவிடும், வீண் குழப்பம்தான் மிஞ்சும்.

இனி உங்கள் பயத்துக்குக் காரணமான டெட்டனஸ் ஊசி. இதில் மட்டும் உங்கள் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. வயலில் அரிவாள் பட்டாலும் முள் குத்தினாலும் ஆணி ஏறினாலும் உடனே ஒரு ஊசி என்பது நம் பக்கத்துப் பழக்கம். போன மாதம் போட்டதா, போன வருஷம் போட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பள்ளியில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடுவதும் இதனோடு சேரும். இப்படி அடிக்கடி போட்டவர் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏராளமாக இருக்கும். புதிதாகப் போட்ட மருந்தோடு அது ஊசி போட்ட இடத்திலேயே சேர்ந்து கட்டிக்கொள்ளும். கை முழுவதும் வீங்கி, கடுத்து, தூக்க முடியாமல் போகும். ஆர்தஸ் வகை எதிர்வினை என்று இதற்குப் பெயர்.

மகளுக்கு வந்தது அதுதானா என்று தெரிந்துகொள்ள, வீக்கம் எப்போது தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஊசி போட்ட நான்கு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், அதாவது அன்றிரவே, பெரிதாக வீங்கி, சில நாளில் தானாக வடிந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். சில நாள் கழித்துக் காய்ச்சலோடு ஓரிடத்தில் சிவந்து, பழுத்துச் சீழ் வைத்திருந்தால் அது ஊசி போட்ட இடத்தில் கிருமி புகுந்தது, கணக்கே வேறு.

அன்றிரவே வீங்கியது என்றால், அட்டை இல்லை என்பதற்காக மூன்று டோஸ் டெட்டனஸ் ஊசியை முதலிலிருந்து தொடங்க விடாதீர்கள். அந்த ஊசியிலிருந்து பத்து வருடம் போகும்வரை, காயம் பட்டால்கூட, டெட்டனஸ் சேர்ந்த எந்த ஊசியும் அவளுக்கு வேண்டாம். கல்லூரி சான்று கேட்டால் டெட்டனஸ் ஐ.ஜி.ஜி. பார்க்கச் சொல்லுங்கள். லேப் சீட்டில் 0.1 யூனிட் அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. அந்தச் சீட்டோடு, நடந்ததை எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள்.

பி.சி.ஜி.யையும் போலியோவையும் இந்த வயதில் மறுபடி போட வேண்டியதில்லை, அவற்றுக்கு ரத்தமும் எடுக்க வேண்டாம்.

ஊசி தொடங்குவதற்கு முன் உங்கள் கிராமத் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரின் பழைய பதிவேட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 2007, 2008 காலத்தில் எல்லாம் கையெழுத்துப் பதிவுதான், அதுவும் தண்ணீரில் போயிருக்கலாம். தேதியோடு ஏதாவது கிடைத்தால் அந்த டோஸ்களைக் கழித்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்: முதல் நாள் சின்னம்மைக்கும் டெட்டனஸுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, மஞ்சள் காமாலை முதல் டோஸ், எம்.எம்.ஆர். முதல் டோஸ். காசநோய்க்கான மாண்டு பரிசோதனை கல்லூரியில் கேட்டால் அதையும் அன்றே செய்துவிடுங்கள், தவறினால் எம்.எம்.ஆர். போட்டு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு பொய்யாக நெகட்டிவ் வரக்கூடும். ஒரு மாதம் கழித்து இரண்டுக்கும் அடுத்த டோஸ். சின்னம்மை ஊசி தேவைப்பட்டால் அதன் முதல் டோஸையும் அன்றே வேறு கையில் போடலாம். உயிருள்ள வைரஸ் ஊசிகள் ஒரே நாளில் வர வேண்டும், அல்லது 28 நாள் தள்ளி வர வேண்டும். நடுவில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போடக் கூடாது.

இந்த ஆறு மாதத்துக்குள் வார்டு பயிற்சியில் நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி மகளின் கையில் குத்திவிட்டால், சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே பொறுப்பு செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் போடும் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும்.