கமிஷன் கேக்குற ஆளும் வெளியூர் வக்கீலும்

அக்கா, வணக்கம். நான் தேனி மாவட்டத்துல ஒரு முன்சீப் கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன். நாலு வருஷம் சீனியர்கிட்ட இருந்துட்டு இப்ப தனியா ஆபீஸ் போட்டிருக்கேன், வீட்ல வேற யாரும் வக்கீல் கிடையாது. ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துல பத்திரம் எழுதுற அண்ணன் ஒருத்தர், பீஸ்ல 20 சதவீதம் குடு, மாசம் ரெண்டு கேஸ் அனுப்புறேன்ங்கிறார். ஃப்ரெண்ட்ஸ் ஜஸ்ட் டயல்ல பேரைப் போடு, ரீல்ஸ் போடுன்றாங்க. விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு தெரியும். ஆனா எது விளம்பரம், எது சாதாரண பழக்கவழக்கம்னு கோடு எங்க இருக்குன்னே புரியல. ஆளுங்களைத் தெரிஞ்சுக்காம கேஸ் எப்படிக்கா வரும்?
- பேர் வேண்டாம்

தம்பி, முதல்ல அந்த 20 சதவீதத்தை முடிச்சுடுவோம், ஏன்னா அதுதான் ரொம்ப ஆபத்தானது. பார் கவுன்சில் ரூல்ஸ்படி வக்கீல் இல்லாத ஒருத்தரோட நம்ம பீஸைப் பங்கு போட்டுக்க முடியாது. அதோட, 2023ல வக்கீல் சட்டத்துல கொண்டுவந்த திருத்தத்துல 45ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, காசு வாங்கிட்டு வக்கீலுக்கு கேஸ் புடிச்சுக் குடுக்கிற ஆளைத் தரகர்னு கோர்ட் லிஸ்ட் போட்டு வைக்கலாம், லிஸ்ட்ல பேர் இருக்கிறப்பவே அவர் அந்த வேலையைப் பண்ணா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 500 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அது அவருக்கு. உங்களுக்கு 35வது பிரிவுல ஒழுங்கு நடவடிக்கை, அதுல வக்கீலா தொழில் பண்ற உரிமையான சன்னதே போகலாம்.

சட்டத்தை விடுங்க, நடைமுறையில என்ன ஆகும்னு பாருங்க. கட்சிக்காரர் உங்க கட்சிக்காரரா இருக்க மாட்டார், அந்த அண்ணனோட ஆளாதான் இருப்பார். சமாதானம் பேசலாமா வேண்டாமான்னு அவர்தான் முடிவு பண்ணுவார், பீஸ் எவ்ளோன்னு அவர்தான் சொல்லுவார், அடுத்த வருஷம் 30 கேப்பார், மாட்டேன்னா பாக்கி கேஸ் கட்டையெல்லாம் வேற ஆபீஸுக்குக் கொண்டுபோயிடுவார். இதே பத்திர எழுத்தர் பைசா கேக்காம, இந்தப் பையன் ஒழுங்கா வேலை பாப்பான்னு தானா ஒருத்தரை அனுப்புனா அதுல தப்பே இல்ல. நீங்க கேட்ட கோட்டுல பாதி இதுதான், சிபாரிசுக்குக் காசு கை மாறுதா இல்லையா.

மீதி பாதி 36வது ரூல்ல இருக்கு, நேரடியாவோ மறைமுகமாவோ வேலை கேட்டுப் போகக்கூடாது. சர்க்குலர், ஆள் வெச்சுப் புடிக்கிறது, பழக்கமே இல்லாத ஆளைத் தேடிப்போய்ப் பேசுறது, நாம நடத்துற கேஸைப் பத்திப் பேப்பர்ல செய்தியும் போட்டோவும் வர வைக்கிறது, எல்லாமே இதுக்குள்ள வந்துடும். போர்டுல கூட சிவில் ஸ்பெஷலிஸ்ட்னு எழுதக்கூடாது. எவ்ளோ கண்டிப்புன்னா, ஒரு வக்கீல் வேலை கேட்டு ஒரு மந்திரிக்குப் போஸ்ட் கார்டு எழுதுனாருன்னு அவரை அஞ்சு வருஷம் சஸ்பெண்ட் பண்ணதை 1962லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல பாக்கலாம். வெப்சைட்டுக்கு மட்டும் 2008ல கதவைத் திறந்தாங்க. பேர், விலாசம், போன், என்ரோல்மென்ட் விவரம், படிப்பு, எந்த மாதிரி கேஸ் பாக்குறோம்ங்கிறது வரைக்கும் போடலாம், அதுக்கு மேல கூடாது. ஜஸ்ட் டயல், சுலேகா மாதிரி இடங்களைப் பத்தி நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே 2024 ஜூலைல தெளிவா சொல்லிடுச்சு, அதுல பேர் போட்டு வேலை தேடுற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு. ரீல்ஸும் அப்படித்தான், பட்டான்னா என்ன பத்திரம்னா என்னன்னு பொதுவா விளக்குறது வேற, நான் ஜெயிச்ச கேஸ் பாருங்க, கூப்பிடுங்கன்றது வேற.

இப்ப உங்க உண்மையான கேள்விக்கு வர்றேன். புது ஆபீஸுக்கு நிலையான வேலை பொதுமக்கள்கிட்ட இருந்து வர்றது கம்மி, வெளியூர் வக்கீல்கள்கிட்ட இருந்துதான் வரும். வக்கீலுக்கு வக்கீல் வேலை குடுக்கிறதையோ, சேர்ந்து செஞ்ச வேலைக்குப் பீஸைப் பிரிச்சுக்கிறதையோ நான் மேல சொன்ன அந்தப் பங்கு ரூல் தடுக்கல. அதனால நீங்க பழக வேண்டியது மதுரை, சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கிற உங்க லா காலேஜ் செட்டோட. அவங்க கட்சிக்காரங்களுக்கு உங்க ஊர்ல நிலம் இருக்கும், கேஸ் இருக்கும், அங்க தெரிஞ்ச வக்கீல் இருக்க மாட்டாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன், நிதானமாப் பாருங்க. சென்னையில இருக்கிற உங்க பேட்ச் மேட் போன் பண்றார், அவரோட கட்சிக்காரருக்கு எதிரா உங்க முன்சீப் கோர்ட்ல ஜூன் 5ஆம் தேதி தீர்ப்பு ஆயிடுச்சு, அப்பீல் போடணும், சர்டிஃபைடு காப்பி வேணும். அப்பீலுக்கு 30 நாள், அதாவது ஜூலை 5 வரைக்கும். நீங்க ஜூன் 6ஆம் தேதியே நகல் மனு போட்டுடுறீங்க. பெரும்பாலானவங்க இங்க கோட்டை விடுறாங்க, மனு போட்டாச்சுன்னு போயிடுறாங்க. காப்பியிஸ்ட் செக்‌ஷன்ல ஸ்டாம்ப் கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டுல நம்பர் ஒட்டுவாங்க, அதைத் தினமும் பாக்கணும். ஜூன் 18 ஒட்டுறாங்க, 19ஆம் தேதி நீங்க கட்டிடுறீங்க, 25ஆம் தேதி காப்பி ரெடி. மனு போட்ட 6ஆம் தேதில இருந்து காப்பி ரெடியான 25 வரைக்கும் 20 நாள், லிமிடேஷன் சட்டம் 12வது பிரிவுப்படி அது கணக்குல கழியும், அதனால கடைசி நாள் ஜூலை 25க்குப் போகுது. நீங்க போர்டைப் பாக்காம பத்து நாள் லேட்டா ஸ்டாம்ப் கட்டியிருந்தா அந்தத் தாமதம் உங்க தப்பு, அது கழியாது, அப்பீல்காரர் தாமத மன்னிப்பு மனு போட்டு நிக்கணும். இந்த நாலு தேதியும் காப்பியோட பின்பக்கமே எழுதியிருக்கும், யார் தூங்குனாங்கன்னு சென்னைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுடும்.

இதுல நீங்க செய்யுற இன்னொரு வேலை, ஒவ்வொரு கட்டத்துலயும் அன்னைக்குச் சாயங்காலமே ஒரு மெசேஜ். மனு போட்டாச்சு, நம்பர் இது. ஸ்டாம்ப் கட்டியாச்சு. காப்பி கைக்கு வந்தாச்சு, கொரியர்ல போட்டாச்சு. அவர் தன் கட்சிக்காரருக்கு அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடுவார். அப்பீல் உங்க ஊர் சப் கோர்ட்லதானே நடக்கும், வாய்தாவுக்கு ஆஜராக யாரைக் கூப்பிடுவார்? நான் ஜூனியரா இருந்து தனியா வந்தப்ப என் ஆபீஸுக்கு வந்த சிவில் வேலையில பெரும்பகுதி இப்படி ஒரு நகல் மனுல தொடங்கினதுதான்.

ஒரே ஒரு எல்லை இருக்கு. அந்தக் கட்சிக்காரர் நேரா உங்ககிட்ட வந்து, சென்னை வக்கீல் பீஸ் ஜாஸ்தி கேக்குறார், நீங்களே பாருங்கன்னுவார். கண்டிப்பா வருவாங்க. ஏற்கெனவே ஒருத்தர் வக்காலத்து போட்ட கேஸ்ல அவர் சம்மதம் இல்லாம நாம வக்காலத்து போடக்கூடாது, 39வது ரூல், அவர் தரலைன்னா காரணம் சொல்லி கோர்ட்ல அனுமதி வாங்கணும். அதனால அன்னைக்கே சென்னைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. அந்த ஒரு கட்டு போனாலும் போகட்டும், அவர் அடுத்த தடவை தைரியமா உங்களுக்கு அனுப்புவார்.

இன்னொண்ணு, நாலு வருஷம் முடிச்சிருக்கீங்க இல்ல, சட்ட உதவி பேனலுக்கு விண்ணப்பம் கேக்குறப்ப போடுங்க, சாதாரணமா மூணு வருஷ அனுபவம் கேப்பாங்க. பீஸ் கம்மிதான், கட்சிக்காரர்கிட்ட ஒரு பைசா வாங்கக்கூடாது, ஆனா குறுக்கு விசாரணை பண்ண உங்களுக்கு நிறைய சாட்சி கிடைப்பாங்க, மத்த வக்கீல்கள் பின்னாடி பெஞ்சுல உக்காந்து அதைக் கேட்டுட்டு இருப்பாங்க. சட்ட விழிப்புணர்வு முகாமுக்குப் பேசக் கூப்பிட்டாலும் போங்க, விசிட்டிங் கார்டை மட்டும் ஆபீஸ்லயே வெச்சுட்டுப் போங்க.

பத்திர எழுத்தர் அண்ணன்கிட்ட சண்டை எதுவும் வேண்டாம். "அண்ணே, காசு குடுக்க ரூல் இல்ல, சன்னது போயிடும்"னு நேராச் சொல்லிடுங்க. அவருக்கும் 45ஏ பத்திச் சொல்லுங்க, பல பேருக்கு இன்னும் அது தெரியாது.