மறதிப் பேராசிரியரும் ஐந்து அடிகளும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக லிமரிக் என்னும் ஐந்தடி ஆங்கில நகைப்பாடல் வடிவில் ஒன்று எழுதினேன். மறதிக்காரப் பேராசிரியர்தான் பொருள். முதல், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே ஓசையிலும் மூன்றாம், நான்காம் அடிகள் வேறோர் ஓசையிலும் முடிய வேண்டும் என்ற விதியைச் சரியாகக் கடைப்பிடித்திருக்கிறேன். ஆனாலும் படித்துக் காட்டினால் யாரும் சிரிப்பதில்லை. துள்ளலும் இல்லை. எங்கே தவறு?

பேராசிரியர் ஒருவர் ஊரில் இருந்தார்
குடையை மறந்து மழையில் நடந்தார்
கண்ணாடி தேடினார்
வீடெல்லாம் ஓடினார்
தலையில் அது இருக்கக் கண்டு மகிழ்ந்தார்

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் ஐந்து அடிகளையும் மேசையில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தேன். நடுவில் உள்ள இரண்டு அடிகள் துள்ளுகின்றன. ‘கண்ணாடி தேடினார், வீடெல்லாம் ஓடினார்’ என்னும்போது கை தானாகத் தாளம் பிடிக்கிறது. மற்ற மூன்று அடிகளில் அந்தத் தாளம் அறுந்துபோகிறது. காரணத்தை நீங்களே அலகிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடி, வீடெல்லாம் இரண்டும் காய்ச்சீர்கள். ஆங்கில லிமரிக்கின் ஓட்டம் இரண்டு மெல்லசைக்குப் பிறகு ஒரு வல்லசை என மும்மூன்றாகப் போவது. நம் மூவசைக் காய்ச்சீர் அதற்கு மிக அருகில் வருகிறது. உங்கள் இரண்டாம் அடியில் குடையை, மறந்து, மழையில், நடந்தார் நான்கும் புளிமா. ஈரசைச் சீர்கள் இப்படி வரிசையாக வந்தால் நடை வரும், துள்ளல் வராது.

அடியின் நீளமும் கவனிக்க வேண்டியது. லிமரிக்கில் அடிக்கு மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என அழுத்தங்கள் விழும். உங்களுடையதில் சீர்கள் நான்கு, நான்கு, இரண்டு, இரண்டு, ஐந்து. கடைசி அடிதான் வேகமாக வந்து விழ வேண்டியது. அதுவே எல்லாவற்றையும்விட நீண்டுவிட்டது.

இதற்கு ஒரு தமிழ் வாய்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஈழத்துக் கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தி 1960களில் லிமரிக்கைத் தமிழாக்கிக் ‘குறும்பா’ என்று பெயரிட்டார். அவர் கைக்கொண்ட அமைப்பு எளிமையானது: 1, 2, 5ஆம் அடிகளுக்குக் காய், காய், தேமா, 3, 4ஆம் அடிகளுக்குக் காய், காய். இந்த அளவில் ‘பேராசிரியர்’ நுழையவே முடியாது. பே, ரா, சிரி, யர் என்று நான்கு அசை. ‘பேரா, சிரியர்’ என்று பிளந்தால் இரண்டு ஈரசைச் சீர். அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் ‘பேராசான்’ என்று வைத்துக்கொண்டால் அது அச்சான தேமாங்காய்.

சிரிப்பு வராததற்குக் காரணம் வேறு. இருந்தார், நடந்தார், மகிழ்ந்தார் என்பவை இயைபுதான். ஆனால் உழைக்காமல் கிடைத்த இயைபு. மரியாதையாகச் சொல்லும் இத்தகைய வினைமுற்று பெரும்பாலும் ‘ஆர்’ என்றுதான் முடியும். அடுத்து என்ன ஓசை வரும் என்பது கேட்பவருக்கு முன்னரே தெரியும். ஆங்கிலத்தில் ஓசையொத்த சொற்கள் குறைவு. அதனால் அடியின் கடைசிச் சொல் வந்து பொருந்தும்போது ஒரு வியப்பு இருக்கிறது. 1846இல் தன் முதல் நகைப்பாடல் நூலை வெளியிட்ட எட்வர்ட் லியர்கூடப் பெரும்பாலும் முதல் அடியின் கடைசிச் சொல்லையே ஐந்தாம் அடியின் முடிவிலும் திரும்பப் போட்டார். தமிழில் வியப்பை அடியின் வாலில் தேடுவதைவிடத் தலையில் வைப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நம்மிடம் எதுகை இருக்கிறதே. ஐந்து அடிகளும் ஒரே எதுகையில் தொடங்கினால், ஐந்தாம் அடியின் முதல் சொல்லுக்காகக் காது காத்திருக்கும். அந்தச் சொல்லிலேயே கதை திரும்பிவிட்டால் சிரிப்பு வந்துவிடும்.

நான் எழுதிப் பார்த்ததைச் சொல்கிறேன். அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் பற்றி ஒரு கதை உண்டு. குடும்பம் வீடு மாறிய அன்று பழைய வீட்டுக்கே போய் நின்றாராம். அங்கிருந்த ஒரு சிறுமியிடம், “வீனர் குடும்பம் எங்கே போனது தெரியுமா?” என்று கேட்டாராம். “உங்களை அழைத்துவரத்தான் அம்மா என்னை அனுப்பினாள், அப்பா” என்றாளாம் அவள். வீனரின் மகள் பின்னாளில் இதில் ஒரு பகுதியை மறுத்திருக்கிறார். தன் தந்தை பிள்ளைகளை மறந்தவர் அல்லர் என்றார். ஆகவே பாட்டில் அவர் பெயரை வைக்கவில்லை. கதையின் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருப்பம் ‘மகள்’ என்ற சொல்லில் இருக்கிறது. அதனால் ஐந்தாம் அடியை முதலில் எழுதினேன். ‘பெற்றமகள்’ என்று வந்ததும் எதுகை ‘ற்ற’ என்று உறுதியாயிற்று. கற்ற, விற்ற, சுற்றி, சிற்று, முற்றம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வீடு மாறியவர் வீட்டை விற்றவராக ஆனது இந்தத் தாளால்தான். இரண்டாம் அடி முதலில் ‘விற்றதையே மறந்தாராம், கேடு!’ என்று வந்தது. அளவு சரி. ஆனால் ‘கேடு’ அங்கே ஓசைக்காக மட்டும் நின்றது. அதை எடுத்துவிட்டால் பொருளில் ஒன்றும் குறையாது. அப்படிக் குறையாத சொல் ஐந்து அடிப் பாட்டில் இருக்கக் கூடாது. ‘ஏடு’ கிடைத்த பிறகு மறதிக்கு ஒரு காரணமும் கிடைத்தது. முடிவில் இப்படி நின்றது:

கற்றறிந்த பேராசான் வீடு
விற்றதையே மறைத்ததவர் ஏடு
சுற்றிவந்து வழிகேட்டார்
சிற்றிளம்பெண் மொழிகேட்டார்
பெற்றமகள்! “அங்கப்பா வீடு.”

வழிகேட்டார், மொழிகேட்டார் என்பவையும் வினைமுற்றுகள்தாம். நடுவில் உள்ள குறு அடிகளில் அது உறுத்துவதில்லை, அவை கதையைத் தள்ளிவிட்டுப் போகும் இடம். லியரைப் போல நானும் ‘வீடு’ என்றே முடித்திருக்கிறேன். ஆனால் முதல் அடியில் அது விற்ற வீடு. கடைசியில் குடியிருக்கும் வீடு.

இனி உங்கள் பாட்டு. குடையை எடுத்துவிடுங்கள். ஐந்து அடிக்குள் இரண்டு மறதிகளுக்கு இடமில்லை. கண்ணாடி ஒன்றே போதும். ‘கண்ணாடி தேடினார்’ அடியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தேடினார், ஓடினார் இரண்டும் கூவிளம், காய் அல்ல. ஆனாலும் காதுக்கு இடறவில்லை. ‘வீடெல்லாம்’ என்பதைத் ‘திண்ணையெல்லாம்’ என்று மாற்றினால் எதுகையும் பொருந்துகிறது. எண்ணம், கிண்ணம், வெண்ணெய், அண்ணன், புண்ணியம், விண்ணுலகம் எல்லாம் அதே எதுகை. கண்ணாடி தலைமேல் இருந்தது என்ற முடிவைக் கேட்பவர் மூன்றாம் அடியிலேயே ஊகித்துவிடுவார். அது வேறெங்கே கிடைத்தது என்று இந்தச் சொற்களைப் பார்த்தபடி யோசியுங்கள். எனக்கு வெண்ணெய்க் கிண்ணத்தின் மீதுதான் கண் போகிறது. ஐந்தாம் அடியை முதலில் எழுதி அனுப்புங்கள்.