குற்றாலமா, கருகிய காயிலா?

"அண்ணாச்சி, வீரவநல்லூர் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். யூட்யூப் சேனல் தொடங்க ஆசை. சமையல் எனக்கு நன்றாக வரும். குற்றாலம் போய் வ்ளாக் போடு என்கிறார்கள் நண்பர்கள். வைண்டிங்கை யார் பார்ப்பார்கள்? எதில் இறங்கலாம்?"

தம்பி, யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் போனிலேயே இருக்கிறது. கடைக்கு வரும் அழைப்புகளை ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள், கேட்டவர் சொன்ன அதே வார்த்தையில். "மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்கு." "ஓடுது, தண்ணி ஏறல." அதையே யூட்யூப் தேடல் பெட்டியில் அடித்தால் கீழே என்னென்ன வரிகள் விரிகின்றன என்று பாருங்கள். அப்படி விரிவது பலரும் தேடும் கேள்வி. அதற்கு வரும் வீடியோக்கள் இந்தியிலோ, பத்து நிமிடம் சுற்றி வளைத்தோ இருந்தால் உங்களுக்கு இடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வயர் கேஜ், சுற்று எண்ணிக்கை கேட்பவர் இன்னொரு மெக்கானிக். மோட்டார் ஏன் எரிந்தது என்று கேட்பவர் விவசாயி. இருவரையும் ஒரே சேனலில் உட்கார வைத்தால் இருவருமே எழுந்து போவார்கள். நான் விவசாயியைத்தான் எடுப்பேன். நோட்டில் இருப்பது அவர் கேள்விதானே.

உதாரணத்துக்கு, த்ரீ பேஸில் ஒரு பேஸ் போய்விட்டது. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டார் என்றால், கழற்றும்போது இரண்டு பேஸின் காயில்கள் கரிக்கட்டையாக இருக்கும், மூன்றாவது புதுசுபோல இருக்கும். அதை அருகில் காட்டி, "இது மோட்டார் கோளாறு இல்லை, லைன் கோளாறு" என்று சொல்லி, ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்ன செய்கிறது என்று விளக்குங்கள். ஐந்து நிமிடம் போதும். ஸ்டார்ட்டரைத் திறக்கும் முன் மெயினை இறக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

இனி தாக்குப்பிடிப்பது. குற்றால சீசன் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை; மற்ற மாதங்களில் எதைக் காட்டுவீர்கள்? சொதி வைப்பதைக் காட்டலாம், ஆனால் கடையைப் பூட்டிய பிறகு சமைத்து, படம் பிடித்து, பாத்திரமும் கழுவ வேண்டும். கருகிய மோட்டார் தானாகவே உங்கள் மேசைக்கு வருகிறது. வேலையோடு வேலையாகப் படம் பிடிக்கலாம்.

நோட்டைப் பார்த்து முப்பது தலைப்பு எழுதுங்கள். பன்னிரண்டிலேயே நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர், கேபிள், ஃபுட் வால்வு என்று எல்லையைக் கொஞ்சம் விரியுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிடலாம்.

பத்து வீடியோ போட்டதும் யூட்யூப் ஸ்டூடியோவில் தேடல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொல் அடித்து வந்தார்கள் என்று பாருங்கள். நண்பர்களுக்கு அனுப்பிய லிங்க் வழியாக வந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கமென்டில் "சூப்பர் அண்ணே" மட்டுமே இருந்தால் கேள்வியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். "என் மோட்டார் அஞ்சு எச்.பி., இதே மாதிரி சத்தம் வருது" என்று ஒருவர் எழுதினால், பதினோராவது வீடியோ அதுதான்.