பாதி நாவல்ல முக்கியமான ஆள் செத்துட்டா மீதிக் கதைய எப்படிக் கொண்டுபோறது?

கேள்வி: என் நாவல்ல பூர்வீக வீட்டு கேஸை நடத்துறது அண்ணன்தான், பாதியில ஆக்சிடெண்ட்ல செத்துடுறான். அதுக்கப்புறம் தங்கச்சி கதை. அங்கருந்து தொய்வா இருக்குன்னு படிச்சவங்க சொல்றாங்க, ஏன்?

முதல்ல ஒரு பேப்பர்ல, அண்ணன் முதல் பாதியில கதைக்காக என்னென்ன வேலை பார்த்தான்னு எழுதுங்க. கேஸை நகர்த்துனது அவன், வீட்ல சிரிப்பு வந்தது அவனால, தங்கச்சி மனசு விட்டுப் பேசுன ஒரே ஆளும் அவன்தான். ஒரே அத்தியாயத்துல இந்த மூணும் போயிடுது, ஆனா மூணையும் ஒரே மாதிரி ஈடுகட்டக் கூடாது.

கேஸை நகர்த்துற வேலைய யாராவது உடனே எடுத்தே ஆகணும். அதுவரைக்கும் வாசகர் "கேஸ் ஜெயிக்குமா"ன்னு படிச்சாரு, ஜெயிக்க நினைச்சவனே இல்லாதப்ப அந்தக் கேள்விக்கு உயிர் இல்ல, புதுக் கேள்வி ஒண்ணு வேணும். உதாரணத்துக்கு, கேஸ் கட்டைப் பிரிச்சுப் பார்க்குற தங்கச்சிக்கு, ஒவ்வொரு தடவையும் வாய்தா கேட்டது எதிராளி இல்ல, அண்ணனேதான்னு தெரியவருதுன்னு வைங்க. ஏன் இழுத்தடிச்சான்? இப்ப அவ கேஸை நடத்துறதே அவனப் புரிஞ்சுக்கிறதுக்காகன்னு மாறிடும், முதல் பாதியும் வேற அர்த்தத்துல தெரிய ஆரம்பிக்கும். இதுக்கு முன்னாடியே ஒரு விதை போடணும், கேஸ் தள்ளிப்போன நாள்லல்லாம் அவன் ஏனோ சந்தோஷமா வீட்டுக்கு வந்தான்னு போறபோக்குல ஒரு வரி போதும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1927ல வெளியிட்ட 'டு தி லைட்ஹவுஸ்' நாவல்ல திருமதி ராம்சே சாவு நடுப்பகுதியில அடைப்புக்குறிக்குள்ள ஒரே வாக்கியத்துல முடிஞ்சுடும், ஆனா முதல் பகுதியில தள்ளிப்போன கலங்கரை விளக்கப் பயணம் கடைசிப் பகுதி வரைக்கும் கதையக் கூட்டிட்டுப் போகும். செத்தவங்க பாதியில விட்ட காரியம்தான் ரெண்டு பாதியையும் கட்டி வைக்குது.

சிரிப்பு விஷயம் நேர் எதிர். அதை வேற யாருக்கும் கொடுக்காதீங்க ப்ளீஸ். அவன் கிண்டல் பண்ணியிருக்கக்கூடிய இடத்துல யாரும் எதுவும் சொல்லாம அடுத்த பேச்சுக்குப் போயிட்டாலே வாசகருக்கு அவன் இல்லாதது உறைக்கும், பக்கம் பக்கமா அழுகை எழுதுறதவிட அது ஆழமா இறங்கும். தங்கச்சி பேச்சும் சுருங்கணும், அவகிட்ட கேட்க ஆள் இல்லையே, அதனால சொல்ல வேண்டியதைத் தப்பான ஆள்கிட்ட சொல்லித் தொலைப்பா, அதுலருந்தே ஒரு சிக்கல் கிளம்பலாம்.

இன்னொண்ணு, முக்கியமானவனையே கொன்னுட்டீங்கன்னா வாசகருக்கு இனி யாருக்கும் பாதுகாப்பு இல்லன்னு தோணிடும். கதையில அம்மா ராத்திரி வர லேட்டானாலே வாசகர் பயப்படுவாரு. அந்தப் பயம் சில அத்தியாயத்துக்குத்தான் தாங்கும், அதை நீட்டிக்கணும்னு இன்னொரு சாவைக் கொண்டுவந்தா முதல் சாவோட கனமும் குறைஞ்சுடும்.

இப்ப உங்க கைப்பிரதியில ஆக்சிடெண்ட்டுக்கு அடுத்த அத்தியாயங்கள எடுத்து, தங்கச்சி எங்கெல்லாம் ஒரு முடிவு எடுக்குறா, எங்கெல்லாம் சும்மா நினைச்சுப் பார்க்குறான்னு கோடு போடுங்க. தொடர்ந்து ரெண்டு மூணு அத்தியாயம் நினைப்பாவே போனா தொய்வு அங்கதான், அதுல பாதிய வெட்டிட்டு கேஸ் கட்டைப் பிரிக்குற காட்சிய முன்னாடி கொண்டுவாங்க.